பொக்குக் கடலையும் நூறு பக்க அறிக்கையும்

கோயில் வாசலில் நாலைந்து மாணவிகள் கோலப்பொடியால் தெருக்களையும் ஏரியையும் வரைந்துகொண்டிருக்க, ஊர்க்காரர்கள் சுற்றி நின்று, “இங்க ஒரு கிணறு விட்டுப்போச்சு பாப்பா” என்று திருத்திக்கொண்டிருப்பார்கள். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ‘வேளாண் கல்லூரி மாணவிகள் செயல்விளக்கம்’ என்று ஒரு சிறு செய்தி வரும். இளநிலை வேளாண் பட்டப்படிப்பின் நான்காம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் தங்கிக் கற்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் இதைக் ‘கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்’ என்கிறார்கள். 1992-இல் ரந்தாவா குழு செய்த பரிந்துரையிலிருந்து நாடு முழுவதும் பரவிய ஏற்பாடு இது. 2015 முதல் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்ற பெரிய திட்டத்தின் ஓர் அங்கமாக நடக்கிறது.

கிராமத்தில் தங்கும் காலம் கல்லூரிக்குக் கல்லூரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு மாதமாவது ஊரோடு இருந்துவிட்டு வரும் மாணவர், கடைசியில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் அதற்கும் உண்டு. நூறு பக்கத்துக்குக் குறையாமல், அட்டை கட்டி, படங்கள் ஒட்டி வரும் அந்த அறிக்கையை வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு யாரும் திறப்பதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். சரியாக எழுதினால், பரிந்துரைகள் வயலுக்கு ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்விக்கு ஊர் ஊராக விடை சொல்லக்கூடிய ஆவணம் அது. அப்படி எழுதுவது எப்படி என்பதை ஒரே ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் மானாவாரியாக நிலக்கடலை போடும் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்காரர்கள் மல்லாட்டை என்பார்கள். ஆனி, ஆடி மழைக்கு விதைப்பார்கள். மாணவர்கள் ஊருக்குள் வரும்போது பயிருக்கு முப்பது நாள் வயது, பூ எடுக்கத் தொடங்கியிருக்கிறது. முதல் வாரத்திலேயே பலர் வாயிலும் ஒரே குறை: “போன வருஷம் செடி நல்லாத்தான் இருந்துச்சு. பிடுங்கிப் பார்த்தா பாதி பொக்கு.”

ஊரைத் தெரிந்துகொள்ளும் வாரம்

கோலப்பொடி வரைபடத்தை வெறும் சம்பிரதாயமாகச் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதன் பின்னால் ஒரு முறை இருக்கிறது. ஊர்மக்களே தங்கள் ஊரை வரைந்து, வரிசைப்படுத்தி, அலசிச் சொல்லும் இந்தப் பங்கேற்பு மதிப்பீட்டு முறை 1980களின் பிற்பகுதியில் இந்தியாவிலும் கென்யாவிலும் உருவெடுத்தது. அதை உலகறியச் செய்தவர்களில் இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ் முக்கியமானவர். வெளியிலிருந்து வருகிறவர் கேள்வித்தாளோடு வந்தால், அவர் கேட்கத் தெரிந்ததை மட்டும்தான் தெரிந்துகொள்வார். மக்கள் கையில் கோலப்பொடியைக் கொடுத்தால் அவர் கேட்க நினைக்காததும் தரையில் வந்து விழும் என்பதே இதன் அடிப்படை.

அதனால் வரைபடத்தை ஆண்கள் ஒரு தடவையும் பெண்கள் தனியாக ஒரு தடவையும் போடுவது நல்லது. ஆண்கள் வரையும் படத்தில் ஆழ்துளைக் கிணறுகளும் டிராக்டர் நிற்கும் இடங்களும் பெரும்பாலும் முதலில் வரும். பெண்கள் வரையும்போது குடிதண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, ஆடு மேய்க்கும் புறம்போக்கு என்று ஊர் வேறு மாதிரி தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதில் இல்லை என்று அறிக்கையில் எழுதினால் அந்தப் பக்கத்துக்கு ஒரு பயன் உண்டு. ஒரு படத்தை மட்டும் அழகாக வண்ணமடித்து ஒட்டினால் கிடையாது.

அடுத்தது குறுக்கு நடை. ஊரின் மேட்டுப் பகுதியிலிருந்து பள்ளம் வரைக்கும், மண்ணைத் தெரிந்த ஒரு பெரியவரோடு நடந்து போவது. மேட்டில் செம்மண்ணும் மணல் கலந்த செம்மண்ணும், ஏரிக்கரைப் பக்கம் வர வரக் களி கூடுவதும், எங்கே கடலை நிற்கிறது, எங்கே நெல்லுக்கு மாறுகிறது என்பதும் இந்த நடையில்தான் தெரியும். நம் கதைக்கு இது முக்கியம். பொக்கு விழும் வயல்கள் ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றனவா, மேட்டு மணல்பாங்கான நிலத்தில் மட்டும் இருக்கின்றனவா என்று பெரியவரிடம் கேட்டால் கைகாட்டிச் சொல்வார். மணல் கூடிய மண்ணில் சுண்ணாம்புச் சத்து தங்காது. காரணத்தின் முதல் நுனி அங்கே அகப்படுகிறது.

மூன்றாவது, பருவ நாட்காட்டி. சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, மழை எந்த மாதம் எவ்வளவு, வேலை எந்த மாதம் எவ்வளவு, கடன் எந்த மாதம் வாங்குகிறார்கள் என்று கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ வைக்கச் சொல்வது. கடலைக்கு இரண்டாவது களை வெட்டும் நாட்களில் வேலைக் கட்டத்தில் கொட்டைகள் குவிந்து, மழைக் கட்டத்தில் ஒன்றிரண்டே இருந்தால் அதை அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். பின்னால் அது பேசும்.

அரசுப் பதிவேடுகளும் தேவைதான். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கலில் பார்க்கலாம். ஆனால் அடங்கலில் இருப்பதும் வயலில் நிற்பதும் எப்போதும் ஒத்துப்போகாது. அடங்கலில் உள்ளதை எழுதிவிட்டு, பத்து வயலுக்கு நேரில் போய்ப் பார்த்து, எத்தனை ஒத்துப்போனது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். படிக்கிறவர் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

பொக்கு ஏன் விழுகிறது

நிலக்கடலை ஒரு விநோதமான பயிர். பூ மேலே பூக்கிறது, காய் கீழே காய்க்கிறது. பூ கருவுற்ற பிறகு அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகப் பருக்கும். காய்க்குத் தேவையான மற்றச் சத்துகளை வேரும் இலையும் அனுப்பிவிடும். சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மட்டும் அப்படிப் போய்ச் சேராது. வேர் எடுக்கும் கால்சியம் நீரோட்டத்தோடு மேலே ஏறி இலைக்குப் போய்விடும். இலையில் நீர் ஆவியாவதால்தான் அந்த ஓட்டமே நடக்கிறது. ஒருமுறை இலைக்குப் போன கால்சியம் கீழே திரும்பி வராது. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவதில்லை என்பதால் அந்தப் பக்கம் ஓட்டமும் இல்லை. ஆகவே காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து, தன் ஓட்டின் வழியாகவே கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ள வேண்டும்.

“செடி நல்லாத்தான் இருந்துச்சு” என்று விவசாயி சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். செடிக்குக் கால்சியம் கிடைத்திருக்கிறது, காய்க்குக் கிடைக்கவில்லை. மேல்மண்ணில், காய் இறங்கும் சில அங்குல ஆழத்தில், கரையக்கூடிய நிலையில் கால்சியம் இல்லாவிட்டால் ஓடு மட்டும் உருவாகி உள்ளே பருப்பு நிற்காது. அதுதான் பொக்கு. செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை என்பதால்தான் பிடுங்கும் நாள் வரை யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கான பரிந்துரை பழையது. விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஹெக்டேருக்கு 400 கிலோ, ஏக்கருக்கென்றால் 160 கிலோ ஜிப்சத்தைச் செடி ஓரமாகத் தூவி, மண் அணைக்க வேண்டும். ஜிப்சத்தில் கால்சியமும் கந்தகமும் இருக்கின்றன. கந்தகம் எண்ணெய்ச் சத்துக்கு உதவும். மண் அணைப்பதால் விழுது இறங்கும் இடத்திலேயே ஜிப்சம் கலக்கிறது, மண்ணும் பொலபொலவென்று ஆகிறது. 45 நாளுக்குப் பிறகு செடியடி மண்ணைக் கிளறக் கூடாது. இறங்கிய விழுதுகள் அறுந்துபோகும்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம் உண்டு. மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அட்டை வந்ததும் அதில் உள்ளதை அப்படியே அறிக்கையில் சேர்ப்பார்கள். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் பன்னிரண்டு அளவீடுகள் உண்டு: கார அமில நிலை, உப்பின் நிலை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கால்சியம் அதில் இல்லை. பொக்குக்குக் காரணம் தேடுகிற மாணவர், ஆய்வகத்தில் தனியாகக் கேட்டுக் கால்சியத்தை அளக்கச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் ‘இந்த மண்ணில் கால்சியம் அளக்கப்படவில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும். அட்டையை ஒட்டிவிட்டுக் ‘கால்சியம் பற்றாக்குறை’ என்று முடிவெழுதினால், ஆதாரமில்லாத முடிவு அது.

மண் மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், தண்ணீர் தேங்கும் மூலை இவற்றை விட்டுவிட்டு, வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ எழுத்துப் போலக் குழி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் ஒரே கனமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பாகத்தைத் தள்ளிவிட்டு, மீதியைத் திரும்பக் கலந்து, அரைக் கிலோ ஆகும் வரை இப்படியே குறைத்துக்கொண்டு போவது வழக்கம். பயிர் நிற்கும்போது வரிசைகளுக்கு நடுவில் எடுக்க வேண்டும்.

கால்சியம் குறைவு ஒன்றுதான் காரணம் என்று சொல்லவும் முடியாது. காய் பிடிக்கும் நாட்களில் வறட்சி வந்தால் மண்ணில் கால்சியம் இருந்தும் கரையாது, காய் பொக்காகும். சாம்பல் சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் அது கால்சியத்தோடு போட்டி போடும். போரான் குறைந்தால் பருப்பு இருக்கும், ஆனால் நடுவில் குழி விழுந்திருக்கும். ஆகையால் காயை உடைத்துப் பார்த்து, உள்ளே ஒன்றுமே இல்லையா, சுருங்கிய பருப்பு இருக்கிறதா, குழி விழுந்த பருப்பு இருக்கிறதா என்று தனித்தனியாக எண்ண வேண்டும். பொதுவாக ‘பொக்கு’ என்று ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் காரணம் கலந்துபோகும்.

தெரியாமலா போடவில்லை?

பல அறிக்கைகளில் வரும் ஒரு வாக்கியம்: ‘விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை.’ இதை எழுதுவது சுலபம். எழுதியதும் தீர்வும் சுலபமாகிவிடும்: ஒரு கூட்டம் போட்டு, துண்டுப் பிரசுரம் கொடுத்தால் முடிந்தது. உண்மையிலேயே விழிப்புணர்வு இல்லையா என்று கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

நம் கிராமத்தில் கடலை போட்டவர்கள் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30 பேரைக் கேட்க வேண்டும். டீக்கடை முன்னால் உட்கார்ந்திருக்கும் முதல் 30 பேரைப் பிடித்தால், சொந்த நிலமும் ஓய்வும் உள்ளவர்களே அதிகம் வருவார்கள். குத்தகைக்கு ஓட்டுகிறவர்கள், ஒரு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள், கணவர் வெளியூரில் இருக்கத் தாமே விவசாயம் பார்க்கும் பெண்கள் ஆகியோரும் பட்டியலில் இருக்கும்படி பார்த்து எடுக்க வேண்டும். கேள்விகள் மூன்று போதும். ஜிப்சம் போட வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எப்போதாவது போட்டிருக்கிறீர்களா? போன பருவத்தில் போட்டீர்களா?

ஒரு கணக்குக்காக, கேள்விப்பட்டவர் 26, எப்போதாவது போட்டவர் 11, போன பருவத்தில் போட்டவர் 4 என்று விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். இந்த மூன்று எண்களும் ஒன்றாகச் சொல்வது ஒரு கூட்டத்தில் தெரிந்துகொள்ள முடியாத விஷயம். தெரியாதவர் நாலே பேர். தெரிந்தும் ஒருமுறைகூடப் போடாதவர் பதினைந்து பேர். போட்டுப் பார்த்துவிட்டு இந்தத் தடவை விட்டுவிட்டவர் ஏழு பேர். துண்டுப் பிரசுரம் அந்த நாலு பேருக்குத்தான். மற்ற இருபத்திரண்டு பேரிடம் உட்கார்ந்து காரணம் கேட்க வேண்டும். அதிலும் போட்டுவிட்டு நிறுத்திய ஏழு பேர் சொல்வதுதான் அறிக்கையிலேயே விலை மதிப்புள்ள பகுதி.

களத்தில் நின்று கேட்டால் பதில் இப்படி வரும்: “பாப்பா, நாப்பத்தஞ்சாம் நாள்னு புக்குல இருக்குது. அன்னிக்கு மழ இருக்கணுமே? காஞ்ச மண்ணுல கொட்டினா அது பாட்டுக்குக் கெடக்கும்.” இது சாக்கு அல்ல. ஜிப்சம் தண்ணீரில் மெதுவாகக் கரையும் பொருள். ஈரமில்லாத மண்ணில் அது காய்க்குப் பயன்படாது. மானாவாரிக்கு மண்ணில் ஈரம் இருப்பதைப் பார்த்து நாளை முன்பின் தள்ளிக்கொள்ளலாம் என்று பரிந்துரையும் இடம் கொடுக்கிறது. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்தது நாற்பத்தைந்து என்ற எண் மட்டும்தான்.

இன்னொருவர் சொல்வார்: “மழ பேஞ்ச அன்னிக்கு ஆபீசுக்குப் போனா சரக்கு இல்லங்கறாங்க. சரக்கு வந்த அன்னிக்கு நெலம் காஞ்சு கெடக்குது.” ஏக்கருக்கு 160 கிலோ என்பது ஐம்பது கிலோ மூட்டையில் மூன்று மூட்டைக்கும் மேல். வேளாண் விரிவாக்க மையத்திலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். அதைத் தூவி மண் அணைக்க ஆள் வேண்டும். பருவ நாட்காட்டியில் அந்த நாட்களில் வேலைக் கட்டத்தில் கொட்டைகள் குவிந்திருந்ததை இப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் களை வெட்டு வருகிறது. ஊரில் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வயலில் இருக்கிறார்கள். களை வெட்டவே ஆள் பற்றாதபோது மண் அணைக்க யார் வருவார்?

நிறுவனங்களோடு ஊருக்குள்ள உறவைக் காட்டும் வட்டப்படம் ஒன்றும் இந்த மதிப்பீட்டில் உண்டு. மாணவர்கள் அதைச் சப்பாத்திப் படம் என்பார்கள். ஊரை நடுவில் வைத்து, முக்கியமானதற்குப் பெரிய வட்டம், அடிக்கடி போய்வரும் இடத்துக்கு அருகில் வட்டம் என்று காகிதத்தை வெட்டி வைக்கச் சொல்வது. உரக்கடையைப் பக்கத்திலும் வேளாண் அலுவலகத்தைத் தள்ளியும் வைத்தால், ஏன் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் கடனுக்குக் கொடுக்கிறார் என்ற விடை வரக்கூடும். அப்படியானால் கடையில் ஜிப்சம் இருக்கிறதா என்று மாணவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கேள்வி ஒன்றிலிருந்து அடுத்த கேள்விக்குப் போவதுதான் இந்த ஒரு மாதத்தின் உண்மையான வேலை.

செய்து காட்டுவதும் காத்திருப்பதும்

செயல்விளக்கம் இல்லாமல் எந்த அறிக்கையும் முடிவதில்லை. விதைநேர்த்தி, தென்னைக்கு வேர் மூலம் டானிக் கட்டுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பது என்று பட்டியல் நீளும். எல்லாம் நல்லவைதான். ஆனால் பயிர் நாற்பது நாள் வளர்ந்து நிற்கும்போது கடலை விதைக்கு டிரைக்கோடெர்மா கலந்து காட்டினால், பார்க்கிறவர் அதை அடுத்த பருவம் வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். பயிரின் வயதுக்கு ஏற்ற வேலையைச் செய்து காட்டினால் அன்றைக்கே கை பழகும்.

நம் கிராமத்தில் மாணவர்கள் வந்த பிறகு பத்துப் பதினைந்து நாளில் பயிர் 40, 45 நாளைத் தொடுகிறது. மண்ணில் ஈரம் இருக்கும் ஒரு நாளில், சம்மதம் சொன்ன ஒரு விவசாயியின் வயலில், ஒரே மாதிரி மண்ணும் ஒரே நாள் விதைப்பும் உள்ள பத்து சென்ட் இடத்தை எடுத்து, நடுவில் குச்சியும் கயிறும் கட்டி இரண்டு ஐந்து சென்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு 8 கிலோ ஜிப்சம். ஏக்கருக்கு 160 கிலோ என்றால் சென்டுக்கு 1.6 கிலோ, ஐந்து சென்டுக்கு எட்டு. செடி வரிசை ஓரமாகத் தூவி, களைக்கொட்டால் மண் அணைக்க வேண்டும். அடுத்த பாதிக்கு ஜிப்சம் இல்லாமல் மண் மட்டும் அணைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஒரு பாதியில் மட்டும் மண் அணைத்தால், வித்தியாசம் வந்தாலும் அது ஜிப்சத்தால் வந்ததா மண் அணைப்பால் வந்ததா என்று சொல்ல முடியாது.

இங்கேதான் ஒரு மாதப் பயிற்சியின் எல்லை தெரிகிறது. நம் கடலை 105 நாள் ரகம். மாணவர்கள் கிளம்பும்போது அதற்கு வயது அறுபது. அறுபதாம் நாள் செடியைப் பிடுங்கினால் சில காய்கள் உருவாகியிருக்கும், பருப்பு நிறைந்திருக்காது. இரண்டு பாதிக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் எதுவும் இருக்காது. ஆனால் அறிக்கை எழுத வேண்டிய நாள் வந்துவிட்டது. ‘செயல்விளக்கத்தால் மகசூல் கூடியது’ என்று எழுதும் ஆசையும் வரும். எழுதினால் பொய்.

முறையைச் செய்து காட்டுவது வேறு, விளைவைக் காட்டுவது வேறு என்று வேளாண் விரிவாக்கப் பாடத்திலேயே பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். முதலாவதுக்கு ஒரு காலைப் பொழுது போதும். இரண்டாவதுக்கு அறுவடை வரை இருக்க வேண்டும். அறிக்கையில் ‘முறை விளக்கம் முடிந்தது, விளைவு அறுவடையில் தெரியும்’ என்று எழுதுவதில் குறைவு எதுவும் இல்லை.

விளைவை யார் எண்ணுவது? வயல்காரரேதான். அவரிடம் ஒரு அட்டை விட்டுவிட்டு வர வேண்டும். வரப்போரச் செடிகளைத் தள்ளி, ஒவ்வொரு பாதியிலும் ஐந்து இடத்தில் இரண்டிரண்டு செடி, மொத்தம் பத்துச் செடி பிடுங்கி, காய்களை ஒன்றாகக் கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு நூறு காய் அள்ளி, ஒவ்வொன்றாக உடைத்து, நிறைந்தது எத்தனை, சுருங்கியது எத்தனை, வெறும் ஓடு எத்தனை என்று மூன்று கட்டத்தில் எழுதினால் போதும். அரைமணி நேர வேலை. மாணவர் ஒரு போன் செய்து எண்களை வாங்கிக்கொள்ளலாம். அறிக்கை கட்டி முடித்திருந்தாலும் கடைசியில் ஒரு தாள் சேர்க்க முடியும்.

ஒரு வயலில் ஒரு பருவத்தில் கிடைத்த எண்ணை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லவும் கூடாது. அந்த ஆண்டு காய் பிடிக்கும் நேரத்தில் நல்ல மழை பெய்திருந்தால் இரண்டு பாதியிலும் பொக்கு குறைவாகவே இருக்கலாம். அதனால் விளக்கம் போட்ட நாளிலிருந்து அறுவடை வரை எந்தெந்த நாளில் மழை பெய்தது என்று வயல்காரர் நாட்காட்டியில் குறித்துவைத்தால், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அந்த எண்ணைப் புரிந்துகொள்வார்கள்.

எழுதும்போது

எந்தச் சதவீதத்தை எழுதினாலும் எத்தனை பேரில் என்று சேர்த்து எழுத வேண்டும். ‘80 சதவீத விவசாயிகள்’ என்று படித்துவிட்டுப் பின்னிணைப்பைப் புரட்டினால் பத்துப் பேரில் எட்டுப் பேராக இருக்கும். ‘பத்தில் எட்டுப் பேர்’ என்று எழுதியிருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். மகசூலை மூட்டையில் சொன்னால் அந்த ஊர் மூட்டை எத்தனை கிலோ, காயாகவா பருப்பாகவா என்று கேட்டு எழுத வேண்டும். மூட்டையின் எடை ஊருக்கு ஊர், பொருளுக்குப் பொருள் மாறும்.

விவசாயி சொன்னதையும் மாணவர் பார்த்ததையும் பாடப்புத்தகத்தில் இருப்பதையும் ஒரே பத்தியில் கலக்கக் கூடாது. ‘போன பருவத்தில் பாதி பொக்கு’ என்பது விவசாயியின் நினைவு. அது நூறு காய் எண்ணி வந்த கணக்கல்ல. நினைவுக்கும் மதிப்பு உண்டு, அதை நினைவு என்றே எழுத வேண்டும். பரிந்துரைகள் பத்து எழுதுவதைவிட, யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றிரண்டு எழுதுவது மேல். ‘விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்பதை யாராலும் செய்து முடிக்க முடியாது. ‘இந்த ஊரில் விதைப்பு ஆனி மூன்றாம் வாரம் என்பதால், ஜிப்சம் ஆடிக் கடைசிக்குள் விரிவாக்க மையத்தில் இருக்க வேண்டும்; நாளை எண்ணாமல் ஈரத்தைப் பார்த்துப் போடச் சொல்ல வேண்டும்’ என்று எழுதினால், அந்த வட்டாரத்தின் வேளாண் உதவி இயக்குநர் படித்துவிட்டு மறுநாளே ஒரு முடிவெடுக்கலாம்.

கல்லூரிகளுக்கும் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கல்லூரியிலேயே தங்கிவிடுகின்றன. தகவல் கொடுத்த முப்பது பேரில் ஒருவர் கைக்கும் அது திரும்பி வருவதில்லை. முழு அறிக்கையையும் மொழிபெயர்க்க வேண்டாம். ஊரில் என்ன பார்த்தோம், எத்தனை பேரிடம் கேட்டோம், ஏன் போடவில்லை என்று அவர்கள் சொன்ன காரணங்கள், செயல்விளக்க வயல் யாருடையது, அறுவடையில் எண்ண வேண்டியது என்ன என்று நான்கு பக்கம் தமிழில் எழுதி, ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்றை வேளாண் விரிவாக்க மையத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வரும் மாணவர்கள் முதல் நாளே அதைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். விட்ட இடத்திலிருந்து தொடங்கினால், ஒருவர் பார்க்க முடியாமல் போன அறுவடையை அடுத்தவர் கணக்கெடுத்து முடிப்பார்.